தொடங்காத நான்காவது பக்கம்

இருபது சதவீதத்தைத் தாண்டினால் சிவப்பு. அந்த இருபதைத் தட்டச்சு செய்தது நான்தான். யாரும் என் கையைப் பிடித்து எழுத வைக்கவில்லை. நல்ல பிள்ளைக்கு உதாரணமாக நானே முன்வந்து எழுதினேன்.

பலாங்கொடையிலிருந்து மேலே ஏறும் பஸ் கடைசியாக நிற்கிற இடத்தில் எங்கள் தேயிலைத் தோட்டம். தொழிலாளர்களின் வரிசைக் குடியிருப்பான லயத்துக்குப் பின்னால் மலைச்சரிவு விரிசல் விட்டதால், அங்கே இருந்தவர்களுக்கு மேட்டு நிலத்தில் இருபத்து நான்கு வீடுகளைத் தொகுதி தொகுதியாகக் கட்டிக் கொடுக்க ஒரு நிறுவனம் வந்தது. அதன் இரத்தினபுரி அலுவலகத்தில் எனக்கு வேலை கிடைத்தது. நான் பிறந்து வளர்ந்ததும் அதே லயம்தான். அம்மாவும் அண்ணன் குடும்பமும் அப்போதும் அங்கேதான் இருந்தார்கள், காமரா என்கிற ஒரே அறையில் ஆறு பேர். தொழில்நுட்பக் கல்லூரியில் படித்து, கொழும்பில் திட்டக் கட்டுப்பாடு என்று ஒரு பயிற்சியும் முடித்து, கழுத்தில் அடையாள அட்டை தொங்க அதே தோட்டத்துக்கு அதிகாரியாக வந்து இறங்கியபோது எனக்கு இருந்த மிதப்பைச் சொல்லாமல் விட்டால் இந்தக் கதையே விளங்காது.

வீட்டு வேலை இரண்டு பங்கு. சுவர், கூரை எல்லாம் நிறுவனத்தின் பங்கு. அத்திவாரக் குழி வெட்டுவது, வீதியில் லொறி கொட்டிவிட்டுப் போகும் கல்லையும் மணலையும் மேட்டுக்குச் சுமப்பது, கடைசியில் சுவருக்குப் பூச்சு வைப்பது, இதெல்லாம் குடும்பத்தின் பங்கு. குடும்பத்தின் பங்குக்கும் ரூபாயில் பெறுமதி போட்டு வைத்திருந்தோம். என் வேலை இரண்டு வாரத்துக்கு ஒரு முறை டேப்போடு போய் அளப்பது. அன்றைக்கு முடிந்திருக்க வேண்டிய வேலையின் பெறுமதி அட்டவணையில் ஒரு நிரலில். உண்மையில் முடிந்ததன் பெறுமதி அடுத்த நிரலில். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் விலகல். அது பத்து சதவீதத்துக்குள் இருந்தால் பச்சை, யாரும் எதுவும் கேட்க மாட்டார்கள். பத்தைத் தாண்டினால் மஞ்சள், காரணம் எழுத வேண்டும். இருபதைத் தாண்டினால் சிவப்பு, திருத்த நடவடிக்கை எடுக்க வேண்டும். அடுத்தடுத்த இரண்டு ஆய்விலும் சிவப்பு வந்தால் அந்த வீடு காத்திருப்போர் பட்டியலில் இருக்கிற அடுத்த குடும்பத்துக்குப் போகும்.

"அடுத்தடுத்த இரண்டு" என்பதும் என் யோசனைதான். எங்கள் பொறியியலாளர் ஒரு சிவப்பே போதும் என்றார். நான்தான் பாவம் பார்த்து இரண்டாக்கினேன். அன்று இரவு நிம்மதியாகத் தூங்கினேன்.

வேலையை எப்படி அளப்பது என்பதற்கும் ஒரு விதி இருந்தது. வீட்டைச் சுற்றி வெட்டும் அத்திவாரக் குழியின் நான்கு பக்கமும் நான்கு வேலை. ஒரு பக்கம் தொடங்கியிருந்தால் அதன் பெறுமதியில் பாதி, முடிந்திருந்தால் மீதிப் பாதி. நடுவில் எவ்வளவு ஆழம், எத்தனை அடி என்று பார்ப்பதில்லை. பார்த்தால் ஒவ்வொரு வீட்டிலும் அரை மணி நேரம் வாக்குவாதம் நடக்கும். பெரிய திட்டங்களில் சின்னச் சின்ன வேலைகளுக்கு இந்த விதி சரியாகவே வேலை செய்யும், ஒரு பக்கம் கூடினால் இன்னொரு பக்கம் குறைந்து மொத்தத்தில் நேராகிவிடும். நான்கே நான்கு பக்கமுள்ள ஒரு குழியில் அப்படி நேராகாது. இது எனக்கு அப்போதே தெரியும். பரீட்சையில் கேட்டிருந்தால் எழுதியிருப்பேன்.

எங்கள் சனங்கள் விவரமானவர்கள். முதல் தொகுதி வீடுகள் முடிவதற்குள்ளேயே விஷயத்தைப் பிடித்துவிட்டார்கள். நான் டேப்போடு வருவதற்கு முதல் நாள் சாயந்தரம், பறித்த கொழுந்தை நிறுத்துக் கொடுத்துவிட்டு வந்த கையோடு மம்பட்டியை எடுத்துக்கொண்டு மேட்டுக்கு ஏறுவார்கள். தொடாமல் கிடக்கிற பக்கத்தில் நாலு கொத்து. அவ்வளவுதான். மறுநாள் நான் போய்ப் பார்த்தால் சுண்ணாம்புக் கோட்டின் மேல் கோழி கிளறிய மாதிரி இருக்கும். நான் "தொடங்கியது" என்று எழுதுவேன். அவர்கள் முகத்தைத் திருப்பிச் சிரிப்பார்கள். நானும் சிரித்திருக்கிறேன். பொறியியலாளருக்குப் பச்சையும் மஞ்சளுமாக அட்டவணை போகும், அவரும் சந்தோஷப்படுவார். இப்படி எல்லோருமாகச் சேர்ந்து ஒரு பொய்யை ஒழுங்காக நடத்திக்கொண்டிருந்தோம்.

இரண்டாவது தொகுதி எட்டு வீடுகளில் ஒன்று அவளுடையது.

அவளும் நானும் தோட்டப் பள்ளிக்கூடத்தில் ஒரே வாங்கில் உட்கார்ந்த சிநேகிதிகள். கணக்கில் அவள் கெட்டி. பதினோராம் வகுப்புச் சாதாரண தரப் பரீட்சை வரைக்கும் என் கணக்குக் கொப்பி அவள் கொப்பியைப் பார்த்து எழுதியதுதான். பிறகு அவள் கொழுந்து எடுக்கப் போனாள், நான் படிக்கப் போனேன். அவளுடைய அப்பா அப்போது படுக்கையில், என்னுடைய அப்பா எழுந்து நடமாடிக்கொண்டிருந்தார். வேறு வித்தியாசம் இல்லை. அவள் புருஷன் கொழும்பில் ஒரு சாப்பாட்டுக் கடையில், மாதத்துக்கு ஒரு முறை வருவான். வீட்டில் அவள், மாமனார், பள்ளிக்கூடம் போகிற இரண்டு பெண்பிள்ளைகள். குழி வெட்ட இருந்த ஒரே ஆள் அவள்தான். நாலு மணிக்குக் கொழுந்து நிறுத்துவிட்டு இருட்டும் வரை வெட்டினாள். வேலை தொடங்கிய ஒன்பதாம் நாள் மூன்று பக்கம் முடிந்திருந்தது. எட்டு வீட்டிலும் அதுதான் சுத்தமான குழி. ஓரம் நூல் பிடித்த மாதிரி, ஆழம் எங்கேயும் ஒரே அளவு.

பத்தாம் நாள் அவளுடைய மாமனார் இறந்தார்.

எங்கள் பக்கம் புதைப்பதுதான் வழக்கம். புதைத்த வீட்டு ஆட்கள் பதினாறாம் நாள் கருமாதி முடியும்வரை மண்ணைக் கொத்த மாட்டார்கள். கொழுந்து எடுக்கலாம், விறகு பொறுக்கலாம், வயிற்றுப்பாட்டை யாரும் தடுப்பதில்லை. ஆனால் ஒரு குழி தோண்டி ஆளை வைத்த வீட்டிலிருந்து அந்தப் பதினாறு நாளுக்குள் இன்னொரு குழி தோண்டக்கூடாது. அதுவும் குடியேறப் போகிற வீட்டுக்கு. மற்றவர்கள் அவளுக்காகக் கொத்தலாம், அதற்குத் தடை இல்லை. முந்தைய காலமாக இருந்தால் கொத்தியிருப்பார்கள். அந்த வாரம் எல்லோருக்கும் அவரவர் குழி, அவரவர் நிறம். அந்தப் புத்தியை அவர்களுக்குக் கொடுத்ததும் என் அட்டவணைதான்.

பதினான்காம் நாள் நான் அளக்கப் போனேன். ஏழு வீட்டிலும் தொடாத பக்கங்களில் கோழி கிளறியிருந்தது. அவள் நிலத்தில் மூன்று பக்கம் கண்ணாடி மாதிரி, நான்காவது பக்கத்தில் சுண்ணாம்புக் கோடு மட்டும். மழையில் பாதி கரைந்திருந்தது. அவளுடைய மம்பட்டி, கடைசியாக வெட்டிய இடத்திலேயே மண் காய்ந்து கிடந்தது. நான் நின்ற இடத்திலிருந்து என் செருப்புக்கு ஒரு சாண் தூரம்.

கீழே லயத்து வாசல் திண்ணையான இஸ்தோப்பில் அவள் நிற்பது தெரிந்தது. துக்க வீட்டுக்காரி, மேலே ஏறி வரவில்லை. கையைக் காட்டவும் இல்லை. பார்த்துக்கொண்டு மட்டும் நின்றாள்.

ஒரு பக்கத்துக்கு ஐயாயிரம் ரூபாய். அன்றைக்கு முடிந்திருக்க வேண்டியது இருபதாயிரம், முடிந்தது பதினைந்தாயிரம். விலகல் இருபத்தைந்து சதவீதம், சிவப்பு. நான்காவது பக்கத்தில் ஒரு கொத்து விழுந்திருந்தால் பதினேழாயிரத்து ஐந்நூறு. விலகல் பன்னிரண்டரை, மஞ்சள். இதை நான் அங்கேயே மனதில் போட்டுப் பார்த்தேன். குனிந்து மம்பட்டியை எடுத்து ஒரு கொத்துப் போட எனக்குத் தீட்டு இல்லை. ஏழு வீட்டில் கோழி கிளறியதை வேலை என்று எழுதியவளுக்கு எட்டாவதில் நேர்மை வந்துவிட்டது. "தொடங்கவில்லை" என்று எழுதினேன்.

ஏன் என்று பிறகு எத்தனையோ தடவை கேட்டுக்கொண்டேன். சிநேகிதிக்குச் சலுகை காட்டினாள் என்று யாரும் சொல்லிவிடக்கூடாது என்பது நான் எனக்குச் சொன்ன காரணம். அது பொய்யில்லை. ஆனால் காத்திருப்போர் பட்டியலில் முதலாவதாக இருந்தது என் அண்ணன். இதுவும் அந்த மேட்டில் நிற்கும்போது எனக்குத் தெரியும்.

காரணம் எழுதுகிற நிரலில் நான்கே நான்குதான் இருந்தன. வானிலை, பொருள், ஆள், வரைபடம். சாவுக்கு இடமில்லை. "ஆள்" என்பதைத் தெரிவு செய்தேன். ஆள் குறைவு என்றால் அட்டவணையில் அதற்கு எதிரே ஏற்கெனவே ஒரு திருத்த நடவடிக்கை எழுதியிருக்கும்: ஆளை மாற்றுக.

பொறியியலாளர் கெட்ட மனிதர் இல்லை. அது இன்னும் மோசம். இரத்தினபுரிப் பக்கம் நல்ல குடும்பத்துச் சிங்களவர், என்னை 'நங்கி', தங்கச்சி, என்றுதான் கூப்பிடுவார், சாப்பிட்டாயா என்று கேட்காமல் கூட்டம் தொடங்க மாட்டார். முதல் சிவப்பைப் பார்த்ததும் என்ன செய்யலாம் என்று என்னைக் கேட்டார். இரண்டு ஆளை ஒரு நாள் கூலிக்கு விட்டால் அந்தப் பக்கம் முடிந்துவிடும் என்றேன். எதிர்பாராத செலவுக்கென்று ஒதுக்கிய பணம் இருக்கிறது, அதைத் தொட கொழும்பின் அனுமதி வேண்டும், அனுமதி வர இரண்டு மூன்று வாரம் ஆகும் என்றார். அப்படியானால் அவளுக்கு மட்டும் கால அட்டவணையைப் பதினாறு நாள் தள்ளிப் போடலாமே என்றேன். அடிப்படைத் திட்டத்தை மாற்றவும் கொழும்பு அனுமதிதான். அவருடைய கையெழுத்தில் நடக்கக்கூடியது ஒன்றே ஒன்று, இரண்டு சிவப்புக்குப் பிறகு வீட்டைத் திருப்பி எடுப்பது. ஒரு நாள் கூலி கொடுக்க அதிகாரம் இல்லாத மனிதருக்கு ஒரு வீட்டைப் பிடுங்க அதிகாரம் இருந்தது.

கருமாதி, வேலை தொடங்கிய இருபத்தைந்தாம் நாள் வந்தது. புருஷன் வந்திருந்தான். படையல் முடிந்து ஆட்கள் கலைந்ததும் இருவரும் மேட்டுக்குப் போய்விட்டார்களாம். மறுநாள் பகலுக்குள் நான்காவது பக்கம் முடிந்தது. இருபத்தேழாம் நாள் கல் சுமக்கத் தொடங்கினார்கள், அவன் அன்று சாயந்தர பஸ்ஸில் கொழும்புக்குப் போய்விட்டான். மறுநாள் நான் டேப்போடு போனபோது அவள் தனியாகச் சுமந்துகொண்டிருந்தாள். தலையில் சும்மாடு, அதன் மேல் கருங்கல். என்னைப் பார்த்துச் சிரித்தாள்.

"பாத்தியா, புடிச்சிட்டேன்" என்றாள்.

அவள் பிடிக்கவில்லை. அன்றைக்குக் குழியும் முடிந்து கல்லும் முழுதாக மேலே வந்திருக்க வேண்டும், மொத்தம் நாற்பதாயிரம். குழிக்கு இருபதாயிரம் முழுதாகக் கொடுத்தேன். கல் தொடங்கியிருந்தது, அதற்குப் பாதி, பத்தாயிரம். முப்பதாயிரம். விலகல் மறுபடியும் இருபத்தைந்து. டேப்பைச் சுற்றிக்கொண்டு இறங்கினேன்.

ஆய்வுக் கூட்டத்துக்கு நான் ஒரு வரைபடம் தயாரித்து எடுத்துப் போனேன். இதைச் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் தெரியாமல் செய்தேன் என்று நான் சாதிக்க முடியாது. முதல் தொகுதிக் குடும்பங்கள் ஒவ்வொரு வாரமும் எவ்வளவு வேலை செய்தார்கள் என்ற அளவெல்லாம் என்னிடம் இருந்தன. அவற்றை வைத்து ஒரு கட்டுப்பாட்டு வரைபடம் போட்டேன். நடுவில் சராசரிக் கோடு. வாரத்துக்கு வாரம் அளவு எவ்வளவு ஏறி இறங்குகிறது என்பதிலிருந்து மேலே ஒரு எல்லை, கீழே ஒரு எல்லை. இருபது சதவீதம் போல யாரோ விரும்பிப் போட்ட எல்லை இல்லை இது, வேலை தானாகக் காட்டுகிற எல்லை. தோட்டத்துச் சனங்களின் வாரங்கள் அப்படி ஏறி இறங்கும். ஒரு வாரம் பிள்ளைக்குக் காய்ச்சல், ஒரு வாரம் கொழுந்து கூட, ஒரு வாரம் மழை. கணக்குப் போட்டால் கீழ் எல்லை பூச்சியத்துக்கும் கீழே போனது. வேலை பூச்சியத்துக்குக் கீழே போக முடியாது என்பதால் பூச்சியத்திலேயே கோடு போட்டேன்.

அதன் அர்த்தம் இதுதான்: ஒரு குடும்பம் ஒரு வாரம் ஒன்றுமே செய்யாமல் இருந்தாலும் அது இந்த வேலையில் வழக்கமாக நடக்கக்கூடியதுதான். அதைப் பிடித்துக்கொண்டு ஆளைத் தண்டிப்பது வீண். வேகம் போதாது என்றால் வேலைமுறையை மாற்ற வேண்டும், கூலிக்கு ஆள் விட வேண்டும், கால அட்டவணையைத் தளர்த்த வேண்டும். அவளுடைய நான்கு வாரமும் எல்லைக்குள்ளேயே இருந்தன. வேலையே இல்லாத மூன்றாவது வாரமும்தான்.

இன்னொரு தாளும் கொண்டு போனேன். முதல் தொகுதியில் ஒரு வீட்டில் கூரைத்தகடு வராமல் எங்கள் பங்கு வேலையில் ஒரு லட்சத்து அறுபதாயிரம் ரூபாய் பின்தங்கியிருந்தது. அங்கே முடிந்திருக்க வேண்டியது ஒன்பது லட்சம் என்பதால் விலகல் பதினெட்டு சதவீதம்தான், மஞ்சள். இங்கே ஐயாயிரம் ரூபாய்க் குறைவுக்கு முதல் சிவப்பு. தொடக்கத்தில் பெறுமதி சின்னதாக இருக்கும்போது சதவீதம் சும்மா துள்ளும். அதனால்தான் இத்தனை சதவீதம் என்பதோடு இத்தனை ரூபாய்க்குக் குறையாமல் என்றும் ஒரு அளவு வைப்பார்கள். பயிற்சியில் முதல் வாரமே சொல்லித் தந்தார்கள். நான் அந்த நிரலை விட்டிருந்தேன். ஒரே பக்கத்தில் அச்செடுக்க இடம் போதவில்லை.

கூட்டத்தில் அந்த வீட்டின் முறை வந்தது. பொறியியலாளர் அட்டவணையில் விரலை வைத்து, இரண்டு சிவப்பு, வேறு ஏதாவது சொல்ல இருக்கிறதா என்று என்னைக் கேட்டார். இரண்டு தாளும் என் கோப்பில், என் மடியில் இருந்தன. அம்மா முந்தின ஞாயிறு கேட்ட கேள்வியும் காதில் இருந்தது. லிஸ்ட்டில் அண்ணன் பேர் எத்தனையாவது என்று கேட்டாள். முதலாவது என்றேன். அம்மா எனக்கு இன்னொரு கரண்டி சோறு போட்டாள்.

"இல்ல சேர்" என்றேன்.

எனக்கு அந்த வீடு வேண்டியிருந்தது. அந்தக் காமராவில் ஒரு சேலையைக் கட்டித் தடுத்து அதற்கு அந்தப் பக்கம் நின்று உடை மாற்றி வளர்ந்தவள் நான். சீலிங் விரிசலிலிருந்து மண் விழுகிற சத்தத்தைக் கேட்டுக்கொண்டு அம்மா தூங்குவாள். அதை யாரிடம் சொன்னாலும் நியாயம் என்றுதான் சொல்வார்கள். அவளுடைய காமராவும் அதே சரிவின் கீழே, எங்களுக்கு மூன்றாவது கதவு என்பதைத்தான் நான் சொல்லவில்லை.

கடிதத்தில் கையெழுத்து வாங்கிவர என்னையே அனுப்பினார்கள், பாஷை தெரிந்தவள், பழகியவள் என்று. இஸ்தோப்பில் பாய் போட்டு உட்கார வைத்தாள். தேத்தண்ணி தந்தாள். கடிதத்தை இரண்டு தரம் படித்தாள். அழுவாள், திட்டுவாள் என்று நினைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன், திட்டினால் எனக்கு லேசாக இருந்திருக்கும். அவள் விளக்கம் கேட்டாள். நான் சொன்னேன், இருபதாயிரம், பதினைந்தாயிரம், பாதி, மீதிப் பாதி என்று. பெரிய உத்தியோகத்தர் மாதிரி பொறுமையாகச் சொன்னேன். அவள் கண் கொஞ்ச நேரம் எங்கேயோ நின்றது. பள்ளிக்கூடத்தில் கணக்குப் போடும்போதும் அப்படித்தான் நிற்கும்.

"அப்ப நாலாவது பக்கத்துல ஒரு கொத்து விழுந்திருந்தா பன்னெண்டரதானே வந்திருக்கும்" என்றாள்.

"ஆமா" என்றேன்.

பேனாவைக் கேட்டு வாங்கிக் கையெழுத்துப் போட்டாள். தேத்தண்ணி ஆறிப்போகுது குடி என்றாள். நான் குடித்தேன். அதுவும் இறங்கியது.

அண்ணனுக்கு வீடு மாறியதும் நடந்த முதல் காரியம், அடிப்படைத் திட்டம் மாறியது. புதிய பயனாளி என்றால் கால அட்டவணையும் புதிதாகத் தொடங்க வேண்டும், அதற்குப் படிவம் இருந்தது, கொழும்பு நான்கே நாளில் அனுமதி தந்தது. செத்தவருக்காகப் பதினாறு நாள் நகராத அட்டவணை என் அண்ணனுக்காக ஒன்றரை மாதம் நகர்ந்தது. அவள் வெட்டிய நான்கு பக்கமும், அவள் சுமந்த கல்லும் முடிந்த வேலையாக அண்ணனின் நிரலில் வந்து உட்கார்ந்தன. முதல் ஆய்விலேயே அவனுக்குப் பச்சை. அம்மா கோவிலில் தேங்காய் உடைத்தாள்.

என் அண்ணன் எப்படிப்பட்டவன் என்று தோட்டத்தில் எல்லோருக்கும் தெரியும். பச்சையைப் பார்த்ததும் அவனுக்கு நாள் நிறைய இருப்பதாகப் பட்டது. சுவர் எழும்பி, கூரை வந்து, பூச்சு வேலை தொடங்குகிற நேரம் அவன் பாதி நாள் பலாங்கொடைச் சாராயக் கடையில் இருந்தான். ஒரு ஆய்வில் சிவப்பு. அவனை நாய் மாதிரி திட்டினேன். தலையை ஆட்டினான். அடுத்த ஆய்வன்று காலை நான் மேட்டுக்குப் போனபோது வீட்டில் அவன் இல்லை. முன்சுவரும் பக்கச் சுவர்களும் பூசியிருந்தன. பின்சுவர் வெறும் கல்லாக நின்றது. கூலிக்கு வந்த கொத்தனார், மேசன் பாஸ், முன்வாசலில் சாந்து குழைத்துக்கொண்டிருந்தார், எங்கே தொடங்குவது என்று சொல்ல வீட்டுக்காரனைக் காணவில்லை என்று சிங்களத்தில் முறைப்பட்டார்.

மனதில் போட்டுப் பார்த்தேன். குடும்பப் பங்கில் அன்றுவரை முடிந்திருக்க வேண்டியது ஒன்றரை லட்சம், பின்சுவருக்கு மட்டும் பதினெட்டாயிரம். அது தொடங்காவிட்டால் விலகல் இருபத்திரண்டு, இரண்டாவது சிவப்பு. தொடங்கியிருந்தால் பதினாறு.

பாஸின் கையிலிருந்து பூச்சுக் கரண்டியை வாங்கினேன். சாந்தை அள்ளிக்கொண்டு வீட்டின் பின்னால் போனேன். பின்சுவரில் ஒரு அப்பு அப்பினேன். நன்றாக ஒட்டவில்லை, பாதி வழிந்து என் செருப்பில் விழுந்தது. மீதி நின்றது. ஒரு கை அகலம் இருக்கும்.

திரும்பினால் அவள் நின்றாள். அந்த வீட்டுக்கு மணல் சுமக்கிற கூலி வேலைக்குப் பாஸ் அவளைப் பிடித்திருந்தார், அது எனக்குத் தெரியாது. தலையில் மணல் கூடை. எவ்வளவு நேரம் நின்றாளோ. சுவரைப் பார்த்தாள், என் கையிலிருந்த கரண்டியைப் பார்த்தாள். பிறகு கீழே, சுவரின் அடியைப் பார்த்தாள். அது அந்த நான்காவது பக்கம். அந்த இடத்தில்தான் அவளும் புருஷனும் கருமாதி முடிந்த கையோடு வெட்டினார்கள்.

"அன்னிக்கு மம்பட்டி ஒன் கால்கிட்டதாண்டி கெடந்துச்சு" என்றாள்.

கோபமாகச் சொல்லவில்லை. ஒரு கணக்கின் விடையைச் சொல்கிற மாதிரி சொன்னாள். மணலைக் கொட்டினாள், கூடையைத் தட்டினாள், அடுத்த நடைக்கு இறங்கிப் போனாள்.

நான் கரண்டியைப் பாஸிடம் கொடுத்தேன். கையைத் துடைத்துக்கொண்டு தாளை எடுத்தேன். பின்சுவர் என்ற வரிக்கு நேரே "தொடங்கியது" என்று எழுதினேன். பதினாறு சதவீதம், மஞ்சள். காரணம் என்ற நிரலில் "ஆள்" என்று போட்டேன்.